மேனேஜருக்கு போடுற மெசேஜ்ல எத்தனை எமோஜி வரைக்கும் தாங்கும்? படிப்படியா ஒரு முழு வழிகாட்டி

நம்பர் தான வேணும், அதை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் யாரும் கடைசி வரைக்கும் ஸ்க்ரோல் பண்ணிட்டு திட்ட வேணாம். உங்களுக்கு ரெண்டு லெவல் மேல இருக்குறவருக்கு போடுற மெசேஜ்ல ஒண்ணு ஓகே, ரெண்டு வந்தாலே கொஞ்சம் யோசிக்கணும், மூணாவது வந்தா அது மெசேஜ் இல்ல பொங்கல் வாழ்த்து அட்டை. கெட்ட செய்தி, லீவு, சம்பளம், ரிலீஸ் தள்ளிப்போகுது இந்த மாதிரி எதுவா இருந்தாலும் பூஜ்ஜியம். ஆனா இந்த நம்பரை மட்டும் மனப்பாடம் பண்ணா பிரயோஜனம் இல்ல, ஏன்னா ஒரே ஒரு எமோஜி போட்டே மாட்டிக்கிட்டவங்களை நான் பாத்திருக்கேன்.

நான் ஓஎம்ஆர் பக்கம் ஒரு ஐடி கம்பெனில டீம் லீடா இருக்கேன். போன வருஷம் என் டீம்ல புதுசா ஒரு பொண்ணு சேந்தா, வேலைல செம ஷார்ப். ஒரு புதன்கிழமை சாயங்காலம் நான் லீவு, அதனால ரிலீஸ் தள்ளிப்போகுதுங்கற விஷயத்தை டெலிவரி ஹெட்டுக்கு அவளே மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் சாட்ல சொல்ல வேண்டியதாப் போச்சு. அவ அனுப்புனது இங்கிலீஷ்ல, நான் தமிழ்ல போடறேன், எமோஜி மட்டும் அப்படியே:

"ஹாய் சார்!! 😊🙏 குட் ஈவ்னிங் 🌆 ஒரு சின்ன அப்டேட் 😅 பேமெண்ட் டெஸ்டிங்ல கொஞ்சம் இஷ்யூ வந்துருக்கு 🙈 நாளைக்கு ரிலீஸ் கொஞ்சம் டைட் ஆகலாம் 😬 முடிஞ்சா வெள்ளிக்கிழமை பண்ணலாமா சார் 🙏🙏 டீம் ஃபுல்லா உழைச்சுட்டு இருக்காங்க 💪🔥"

மொத்தம் பத்து. அவர்கிட்ட இருந்து பதில் ஒரே வரி: "அப்போ நாளைக்கு ரிலீஸ் இருக்கா இல்லையா?"

அவ பயந்துட்டு எனக்கு போன் பண்ணி "அக்கா, சார் கோவமா இருக்காரு"ங்கறா. அவர் கோவமாலாம் இல்ல. அவருக்கு நிஜமாவே புரியல. இந்த மெசேஜை வச்சுதான் மீதியை சொல்லப்போறேன்.

முதல் படி: ஏன் கை எமோஜிக்கு போகுதுன்னு புரிஞ்சுக்கங்க

இது என் சொந்த தியரி, ஒத்துக்கலாம் ஒத்துக்காம போலாம். நாம தமிழ்ல பேசும்போது மரியாதை தனியா சேர்க்க வேண்டிய சாமான் இல்ல, வினைச்சொல்லோட வாலுலயே ஒட்டிட்டு வந்துடும். "அனுப்புங்க சார்", "பாத்தீங்களா சார்", "சொல்றீங்களா". அதே ஆளு டீம்ஸை தொறந்து இங்கிலீஷ்ல "சென்ட் மீ தி ஃபைல்"னு அடிச்சதும் ஏதோ சட்டை இல்லாம ஆபீஸுக்கு வந்த மாதிரி கூச்சமா இருக்கு, அந்த "ங்க" போன இடம் காலியா இருக்கு, அந்தக் காலி இடத்துல 🙏 வந்து உக்காந்துக்குது, பக்கத்துலயே துணைக்கு ஒரு 😊. அதனாலதான் தமிழ்ல மெசேஜ் போடும்போது நாம எமோஜி கம்மியா போடறோம், மேனேஜருக்கு இங்கிலீஷ்ல போடும்போது மட்டும் வாரி இறைக்கறோம். உங்க பழைய சாட்டையே தொறந்து பாருங்க.

பிரச்சனை என்னன்னா நாம "ங்க"ன்னு நினைச்சு அனுப்புறதை அந்தப்பக்கம் அப்படி படிக்க மாட்டாங்க. 2017ல எலா க்ளிக்ஸன்னு ஒரு ஆராய்ச்சியாளரும் அவங்க கூட இருந்தவங்களும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, வேலை சம்பந்தமான மெயில்ல ஸ்மைலி போட்டா படிக்கறவங்க என்ன நினைக்கறாங்கன்னு. போட்டோல சிரிச்சா ஆளு அன்பானவராவும் திறமையானவராவும் தெரியறாரு, ஆனா மெயில்ல ஸ்மைலி போட்டா அன்பு கூடவே இல்ல, திறமை பத்தின எண்ணம்தான் குறைஞ்சுது. இது முன்ன பின்ன தெரியாதவங்களுக்கு இடையில நடந்தது, முறையான சூழ்நிலைல. பத்து வருஷம் பழகின மேனேஜர்னா கதை வேற. ஆனா டெலிவரி ஹெட்டுக்கு நீங்க போடுற முதல் மெசேஜ்னா அவருக்கு நீங்க தெரியாத ஆளுதான், அதனால முதல் மெசேஜ்ல எமோஜி வேணவே வேணாம், அவர் முதல்ல ஒண்ணு போடட்டும்.

ரெண்டாவது படி: எமோஜி இல்லாம எழுதுங்க, அப்புறம் கை அரிக்கற இடத்தை குறிச்சுக்கங்க

இதுதான் முக்கியமான படி, இதுக்கு ஒரு அஞ்சு நிமிஷம் செலவு பண்ணுங்க. டீம்ஸ் பாக்ஸ்ல அடிக்காதீங்க, தெரியாம என்டர் தட்டி பாதில போயிடும், நோட்பேட்ல அடிங்க. எங்கெல்லாம் எமோஜி போடணும்னு கை போகுதோ அங்க ஒரு நட்சத்திரக்குறி மட்டும் வைங்க. அப்புறம் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரே கேள்வி, இது இங்க என்ன வேலை பாக்குது?

நாங்க அவ மெசேஜை மறுநாள் கேன்டீன்ல உக்காந்து இப்படித்தான் பிரிச்சோம். முதல்ல 😊🙏. "இது எதுக்கு?" "வணக்கம் சொல்றதுக்கு அக்கா." ஹாய் சார்னு ஏற்கனவே சொல்லியாச்சு, வணக்கம் மூணு தடவை ஆயிடுச்சு, எடு. 🌆 ஒரு வேலையும் பாக்கல, அழகுக்கு நிக்குது, எடு.

அடுத்தது 😅, இங்கதான் விஷயம் இருக்கு. "ஒரு சின்ன அப்டேட் 😅". "உனக்கு பயமா இருந்துச்சா?" "ஆமா." அப்போ 😅 பாக்குற வேலை பயத்தை மறைக்கறது, கூடவே "சின்ன"ங்கற வார்த்தையும் சேந்து பெரிய விஷயத்தை சின்னதாக்கி காட்டுது. ரிலீஸ் தள்ளிப்போறது டெலிவரி ஹெட்டுக்கு சின்ன அப்டேட் இல்ல, அவர் அதை க்ளையன்ட்டுக்கு சொல்லணும். நீங்க சிரிச்சுட்டே சொன்னா ஒண்ணு அவர் அதை லேசா எடுத்துக்குவாரு, இல்லன்னா இந்தப் பொண்ணுக்கு சீரியஸ்னஸ் இல்லன்னு நினைப்பாரு, ரெண்டுமே நமக்கு நஷ்டம். 🙈 😬 ரெண்டும் அதே குடும்பம்தான். குரங்கு கண்ணை மூடிக்கிட்டா பக் போயிடுமா?

அப்புறம் 🙏🙏. இது கெஞ்சல். ஒரு கெஞ்சல் இருந்தா அங்க ஒரு காரணம் விட்டுப்போயிருக்குன்னு அர்த்தம். ஏன் வெள்ளிக்கிழமை? எத்தனை மணிக்கு? என்ன இஷ்யூ? இது எதுவும் மெசேஜ்ல இல்ல, அந்தக் குறைய 🙏 ரெண்டு சேந்து ஈடுகட்ட பாக்குது. கேள்விக்குறி கூட போடல, அந்த இடத்துல கைதான் நிக்குது, அதனால அவருக்கு அது கேள்வியாவே தெரியல. கடைசில 💪🔥, டீம் உழைக்குதுன்னு நம்ப வைக்கறதுக்கு. என்ன உழைக்குதுன்னு ஒரு வரி எழுதினா நெருப்பு எரிய வேண்டிய அவசியமே இல்ல.

இதெல்லாம் எடுத்துட்டு, முந்தின நாளே இப்படி போட்டிருக்கணும்னு அவ திரும்ப எழுதினது இது:

"சார், நாளைக்கு இருக்கற ரிலீஸை வெள்ளிக்கிழமை மதியம் 3 மணிக்கு மாத்த உங்க அப்ரூவல் வேணும். பேமெண்ட் டெஸ்டிங்ல ஒரே ரீஃபண்ட் ரெண்டு தடவை போற பக் ஒண்ணு இன்னைக்கு மதியம் கிடைச்சுது. ஃபிக்ஸ் இன்னைக்கு ராத்திரி முடிஞ்சுடும், ரீடெஸ்ட்டுக்கு நாளைக்கு முழு நாள் வேணும். இன்னைக்கு 8 மணிக்குள்ள சொன்னீங்கன்னா க்ளையன்ட்டுக்கு மெயில் அனுப்பிடலாம், ட்ராஃப்ட் ரெடியா இருக்கு."

எமோஜி பூஜ்ஜியம், ஆனா முதல் மெசேஜை விட இதுதான் மரியாதையா இருக்கு பாருங்க, ஏன்னா அவர் திரும்பக் கேக்க வேண்டிய வேலை எதையும் அவர் தலைல வைக்கல. இன்னொண்ணும் கவனிங்க, மொபைல் நோட்டிஃபிகேஷன்ல முதல் ஒரு வரி ரெண்டு வரிதான் தெரியும். பழைய மெசேஜ்ல அந்த இடத்தை ஹாய், கும்பிடு, கட்டடம்னு அடைச்சு வச்சிருந்தா. புதுசுல அதே இடத்துல அப்ரூவல் வேணும்னு நிக்குது. மீட்டிங்ல உக்காந்துட்டு போனை லேசா எட்டிப்பாக்கற மனுஷனுக்கு அது போதும்.

மூணாவது படி: அவர் சாட்டை அளந்து பாருங்க, அதுல ஒண்ணு கம்மியா போடுங்க

அவர் உங்களுக்கு போட்ட கடைசி பத்து மெசேஜை மேல தள்ளிப் பாருங்க. பத்துல ஒண்ணுல கூட எமோஜி இல்லன்னா நீங்களும் போடாதீங்க, விஷயம் முடிஞ்சுது. அவர் "தேங்க்ஸ் 🙂"ன்னு ஒண்ணு போடுறவர்னா நன்றி சொல்ற இடத்துல நீங்களும் ஒண்ணு போடலாம். அவர் ரெண்டு மூணுன்னு போடுற ஜாலி பார்ட்டினா கூட அவர் மூணு போட்டா நீங்க ரெண்டு, அவர் ரெண்டு போட்டா நீங்க ஒண்ணு. ஏன் ஒண்ணு கம்மின்னா, கல்யாண வீட்டுல பெரியவர் தோள்ல கை போட்டு பேசினாருன்னு நாம திரும்ப அவர் தோள்ல கை போட மாட்டோம்ல, அதேதான்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. மேல இருக்கறவங்க வெறும் 👍 ஒண்ணை மட்டும் தட்டிட்டு போயிடுவாங்க, அது அவங்களுக்கு அழகு. அவர் நாலு பத்தி எழுதி "இதைப் பத்தி என்ன நினைக்கறீங்க"ன்னு கேட்டதுக்கு நீங்க 👍 போட்டா அது வேற. எண்ணிக்கை ஒண்ணுதான், ஆனா தப்பு பெருசு.

இந்தக் கட்டைவிரலுக்கு ஒரே அர்த்தம்னு நம்பாதீங்க, கோர்ட்டுக்கே போயிருக்கு. ரயில்வே பாதுகாப்புப் படையில ஒரு கான்ஸ்டபிள், உயரதிகாரி ஒருத்தர் கொல்லப்பட்டது பத்தி வாட்ஸ்அப் க்ரூப்ல வந்த மெசேஜுக்கு 👍 போட்டுட்டாரு, கொலையை கொண்டாடறாருன்னு அவர் வேலையே போச்சு. மெசேஜை பாத்துட்டேன்னு சொல்லத்தான் போட்டேன்னாரு. 2024ல மெட்ராஸ் ஹைகோர்ட் அது "ஓகே"க்கு பதிலா போடுறதுதான், கொண்டாட்டம் இல்லன்னு அவர் பக்கம் நின்னுச்சு. அங்க கனடாவுல சஸ்காட்சவன் மாகாணத்துல ஒரு விவசாயி, ஆளி விதை விக்கற ஒப்பந்தத்தோட போட்டோ போனுக்கு வந்ததுக்கு 👍 போட்டாரு. கேஸ் ஆனதும் அவரும் அதையேதான் சொன்னாரு, வந்து சேந்துச்சுன்னு சொல்லத்தான் போட்டேன்னு. 2023ல கோர்ட் இல்ல, அது கையெழுத்துக்கு சமம்னு சொல்லி 82,000 கனடா டாலருக்கு மேல கட்டச் சொல்லிடுச்சு. அதே விரல், அதே சாக்கு, ஒரு இடத்துல "பாத்தேன்", இன்னொரு இடத்துல "சம்மதம்". உங்க மேனேஜர் "வர்ற சனிக்கிழமை சப்போர்ட்டுக்கு வர முடியுமா"ன்னு கேக்கும்போது பாத்தேன்னு நினைச்சு 👍 தட்டுனீங்கன்னா சனிக்கிழமை போச்சு. "பாத்துட்டேன் சார், மதியத்துக்குள்ள உறுதியா சொல்றேன்"னு வார்த்தைல அடிங்க.

நாலாவது படி: அந்த ஒண்ணு எதுன்னு பாருங்க

எமோஜி பட்டியல் போட்டு உங்களை கொல்ல மாட்டேன், அதிகமா மாட்டிவிடுற மூணை மட்டும் சொல்றேன்.

🙏 நமக்கு வணக்கம், நன்றி, கெஞ்சல், மன்னிப்பு, சாவு வீட்டு அஞ்சலி எல்லாத்துக்கும் இது ஒண்ணுதான். க்ளையன்ட் சைடு மேனேஜர் வெளிநாட்டுக்காரர்னா பிரார்த்தனைன்னும் எடுத்துக்கலாம், ஹை-ஃபைவ்னு நினைக்கறவங்களும் இருக்காங்க. "ஃபைல் அனுப்பிட்டேன் 🙏"ல நீங்க நன்றி சொல்றீங்களா மன்னிப்பு கேக்கறீங்களான்னு யாருக்குத் தெரியும்? வார்த்தை ஏற்கனவே தெளிவா இருந்தா மட்டும் போடுங்க, "உதவிக்கு நன்றி சார் 🙏" ஓகே.

🙂 இது வயசு பாத்து அர்த்தம் மாறுது. நாப்பது தாண்டின மேனேஜர் இதை நிஜமான சிரிப்பாதான் போடுறாரு. இருபத்தி மூணு வயசு பசங்க இதை "ம்ம்ம் பாத்துக்கறேன் உன்னை"ங்கற மாதிரி படிக்கறாங்க. அதனால அவர் போட்டதைப் பாத்து நீங்க ராத்திரி தூக்கம் கெடுத்துக்க வேணாம், நீங்க போட்டா அவர் தப்பா எடுத்துக்கவும் மாட்டாரு. இந்த விஷயத்துல பயப்பட வேண்டியதே இல்ல, ஆனா அதிகம் பயப்படுறது இதுக்குத்தான்.

😂 மேலிடத்துக்கு எப்பவுமே வேணாம், அவரே ஜோக் அடிச்சாலும் அந்த மெசேஜுக்கு ரியாக்ஷனா போட்டுட்டு நகந்துடுங்க. உங்க மெசேஜுக்குள்ள வந்தா யாரைப் பாத்து சிரிக்கறீங்கன்னு ஒரு கேள்வி வரும்.

படம் போனுக்கு போன் மாறும்ங்கறதையும் மனசுல வைங்க. 2016ல மினசோட்டா பல்கலைக்கழகத்துல பாத்தப்போ, பல்லைக் காட்டி சிரிக்கற 😁 அப்போ ஆப்பிள்ல பல்லைக் கடிக்கற மாதிரியும் மத்த சிலதுல சந்தோஷமாவும் தெரிஞ்சுது, ஆளாளுக்கு வேற வேற அர்த்தம் எடுத்துக்கிட்டாங்க. இப்போ கம்பெனிங்க படத்தையெல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணாக்கிட்டாங்க, இருந்தாலும் பல்லு தெரியற முகம் எதுவும் பெரியவருக்கு வேணாம்ங்கறது என் கட்சி.

அஞ்சாவது படி: மெசேஜா போடாதீங்க, ரியாக்ஷனா போடுங்க

இதை முன்னாடியே சொல்லியிருக்கணும். அவர் "நல்ல வேலை"ன்னு ஒரு மெசேஜ் போட்டா அதுக்கு கீழ தனியா "தேங்க்யூ சார் 😊🙏"ன்னு ஒண்ணு போடுறதுக்கு பதிலா அவர் மெசேஜ் மேலயே ஒரு ❤️ இல்ல 👍 தட்டுங்க. தனி மெசேஜ் போட்டா சாட் மேல வந்து நிக்கும், அவர் தொறந்து பாக்கணும். அதுவும் எமோஜி மட்டும் தனியா அனுப்பினா டீம்ஸ், வாட்ஸ்அப் ரெண்டுலயும் அது பூசணிக்கா சைஸ்ல பெருசாகி நிக்கும், அடக்கமா ஒரு நன்றி சொல்ல நினைச்சது அப்படி ஆயிடும். ஆனா கேள்விக்கு ரியாக்ஷன் பதில் ஆகாது, இது மேலயே சொன்னதுதான். நாப்பது பேர் இருக்கற க்ரூப்ல ரியாக்ஷன்தான் நாகரிகம், பிறந்தநாளுக்கு நாப்பது கேக்கு வரிசையா வந்து நடுவுல முக்கியமான ப்ரொடக்ஷன் அலர்ட் புதைஞ்சு போனதை பாத்தவ நான்.

இன்னொண்ணு, பார்வைக் குறைபாடு இருக்கறவங்க ஸ்க்ரீன் ரீடர்ல கேக்கும்போது ஒவ்வொரு எமோஜிக்கும் அதோட பேரை முழுசா வாசிக்கும். பத்து 🙏 போட்டா சில ரீடர்ல பத்து தடவை கும்பிட்ட கைன்னு கேக்க வேண்டியதுதான்.

ஆறாவது படி: அனுப்பறதுக்கு முன்ன, அனுப்பினதுக்கு அப்புறம்

அனுப்பறதுக்கு முன்ன எமோஜியை விரலால மறைச்சுட்டு படிங்க. அர்த்தம் அப்படியே இருந்தா அந்த ஒண்ணை வச்சுக்கலாம், அது வெறும் உப்பு. மறைச்சதும் மெசேஜ் கடுகடுன்னு ஆகுதுன்னா எமோஜிய வைக்காதீங்க, வாக்கியத்தை மாத்துங்க. வைக்கற இடம் கடைசி வாக்கியத்தோட முடிவு மட்டும்தான், நடுவுல இல்ல, தேதிக்கும் தொகைக்கும் பக்கத்துல சுத்தமா இல்ல. அப்புறம் நீங்க `:)` அடிச்சாலே டீம்ஸ் அதை மஞ்ச முகமா மாத்திடும், அதையும் எண்ணிக்கைல சேத்துக்கங்க. பழைய அவுட்லுக்ல இதே `:)` அந்தப்பக்கம் சில பேருக்கு வெறும் `J`ன்னு போய் நிக்கும், யாரு இந்த ஜேன்னு ஒரு காலத்துல எங்க ஆபீஸ்ல பெரிய ஆராய்ச்சியே நடந்துச்சு.

ஏற்கனவே பத்து போட்டு அனுப்பியாச்சா? டெலிட் பண்ணாதீங்க. நோட்டிஃபிகேஷன் அவர் போனுக்கு போயிருக்கும், டெலிட் பண்ணா டெலிட் ஆன தடம் வேற நிக்கும், என்னத்த அழிச்சான்னு அவர் யோசிப்பாரு. எமோஜிக்கு மன்னிப்பு கேட்டு இன்னொரு மெசேஜும் வேணாம், அதுவரைக்கும் அவர் கவனிச்சிருக்கவே மாட்டாரு. விஷயத்தை மட்டும் ஒரு சுத்தமான வரில அடுத்து போடுங்க. அன்னைக்கு அந்தப் பொண்ணும் அதைத்தான் பண்ணா, அவர் இருக்கா இல்லையான்னு கேட்டதுக்கு நான் போன்ல சொல்லச் சொல்ல "நாளைக்கு இல்ல சார். வெள்ளிக்கிழமை 3 மணிக்கு, ரீஃபண்ட் பக் ஃபிக்ஸ் பண்ணிட்டு"ன்னு அடிச்சா. ரெண்டு நிமிஷத்துல 👍 வந்துச்சு.

வெள்ளிக்கிழமை ரிலீஸ் நல்லபடியா முடிஞ்சதும் அதே சார் க்ரூப்ல 🎉🎉🎉னு மூணு போட்டாரு. இவ என் சீட்டுக்கு ஓடி வந்து "அக்கா, கணக்குப்படி நான் ரெண்டு போடலாம்ல?"ங்கறா.